எழுத்துப்பிழையை விலைக்கு வாங்கலாமா?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரிலிருந்தே ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கிக்கொண்டது. 1999-இல் sifynet.com, sifymall.com போன்ற டொமைன் பெயர்களையும் பதிவு செய்தது. இரண்டே ஆண்டில், 2001-இல், வேறொரு நிறுவனம் ‘சிஃப்ஃபிநெட்’ என்ற பெயரில் இணைய வணிகம் தொடங்கியது. அதன் முகவரி siffynet. கூடுதலாக இருந்தது ஒரே ஒரு f.

விவகாரம் பெங்களூரு நகர சிவில் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே சிஃபிக்குச் சாதகமாகத் தடை உத்தரவு கிடைத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போய், 2004 மே மாதம் சிஃபி வென்றது. எதிர்த்தரப்பு, தங்கள் ஐந்து பங்குதாரர்களின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அந்தப் பெயரை வைத்ததாகச் சொல்லிப் பார்த்தது. நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. டொமைன் பெயரும் வணிகச் சின்னம் போன்றதுதான், ஒருவரின் நற்பெயரை இன்னொருவர் தன்னுடையதுபோல் காட்டிக்கொள்ள முடியாது என்று இந்தியாவில் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்த தீர்ப்பு அது. இன்றும் டொமைன் வழக்குகளில் வக்கீல்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

இந்தக் கதையைக் கேட்டதும் எவருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ‘அந்த இரண்டு f பெயரையும் முன்கூட்டியே வாங்கிப் போட்டிருந்தால் மூன்று கோர்ட் ஏறி இறங்கியிருக்க வேண்டாமே!’ டொமைன் விற்கும் கம்பெனிகளும் இதையே சொல்லி விற்கின்றன. நீங்கள் ஒரு பெயர் வாங்கினால், பணம் கட்டும் பக்கத்தில் ‘இதோடு .net, .org, .co, .shop எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிராண்டைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்’ என்று வரிசையாக நிற்கும். எடுக்கலாமா, எடுத்தால் எத்தனை, போட்ட பணத்துக்குப் பலன் உண்டா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எத்தனை பிழைகள் உண்டு?

வாழைத்தோப்பு என்ற பெயரில் ஒருவர் இணையத்தில் பலகாரம் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான். முகவரி vazhaithoppu.com. இந்தப் பெயரில் 12 எழுத்துகள். தட்டச்சு செய்கிறவரின் விரல் ஒரே ஒரு இடத்தில் தவறினால் எத்தனை விதமான தவறான பெயர்கள் வரும்?

ஒரு எழுத்து விடுபட்டால் 11 பெயர்கள் (இரண்டு p-யில் எதை விட்டாலும் ஒன்றுதானே). அடுத்தடுத்த எழுத்துகள் இடம் மாறினால் 10. ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து விழுந்தால், இடத்துக்கு 25 வீதம் 300. எங்காவது ஓர் எழுத்து கூடுதலாக விழுந்தால் 326. மொத்தம் 647. எண்களையும் சிறுகோட்டையும் இதில் சேர்க்கவேயில்லை. ஒரு பெயருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் என்றால், வருடந்தோறும் 6.47 லட்சம். அதுவும் .com-க்கு மட்டும். .in, .co.in என்று போனால் அதையே இரண்டால், மூன்றால் பெருக்க வேண்டும். ஒரு பலகாரக் கடையின் லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

இத்தனைக்கும், நம் ஊரில் நிஜமாக நடக்கும் பிழைகளில் பாதி இந்த 647-க்குள் வராது. விரல் தவறி எழுதுகிறவர்களைவிட, தெரிந்தே வேறு மாதிரி எழுதுகிறவர்கள்தான் இங்கே அதிகம். ‘ழ’வை zh என்று எழுதுவோரும் உண்டு, l என்று எழுதுவோரும் உண்டு. ‘வா’ ஒருவருக்கு va, இன்னொருவருக்கு vaa. ‘தோ’வுக்கு tho, to இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ‘ப்பு’வில் ஒரு p போடுவோரும் இரண்டு p போடுவோரும் உண்டு. இந்த நான்கு இடங்களிலும் இரண்டிரண்டு வழி என்றால் மொத்தம் 16 ஸ்பெல்லிங். கடைக்காரர் வைத்திருப்பது அதில் ஒன்று. வாடிக்கையாளர் காதால் கேட்டு எழுதும்போது மற்ற 15-இல் எது வேண்டுமானாலும் வரும். vaalaithopu என்று எழுதுகிறவர் எதையும் தவறாகத் தட்டவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுதான் சரியான ஸ்பெல்லிங். ஆங்கிலச் சொல்லில் பெயர் வைத்த கம்பெனிகளுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை.

ஆகவே 647-ஐ மறந்துவிட்டு, இந்த 15-இலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். அதிலும் எல்லாம் வேண்டாம். கடையின் பெயரை நாலு பேரிடம் வாயால் சொல்லி, ஃபோனில் ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். தொடர்ந்து வருவது இரண்டு மூன்று ஸ்பெல்லிங்தான் இருக்கும். ஏற்கெனவே இணையதளம் நடத்துகிறவர்களுக்கு இன்னும் எளிது. கூகுளின் Search Console என்ற இலவசச் சேவையில், உங்கள் தளம் எந்தெந்தத் தேடல் சொற்களுக்கு வந்தது என்ற பட்டியல் இருக்கும். உங்கள் பெயரை மக்கள் எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்பது அதில் எண்ணிக்கையோடு தெரியும்.

வழி தவறும் வாடிக்கையாளரின் விலை

சரி, ஒருவர் தவறாகத் தட்டிவிட்டார். கடைக்கு என்ன நஷ்டம்?

இருபது ஆண்டுகளுக்கு முன் இது பெரிய தொழிலாகவே நடந்தது. அன்று எல்லோரும் முகவரியைத் தாங்களே தட்டச்சு செய்தார்கள். அமெரிக்காவில் ஒருவர், டிஸ்னிலேண்ட், டெலிடப்பீஸ் போன்ற குழந்தைகளுக்கான பெயர்களில் எழுத்துப்பிழை டொமைன்களைக் குவித்து வைத்து, வரும் பிள்ளைகளை ஆபாசப் பக்கங்களுக்குத் திருப்பிவிட்டார். 2003-இல் அதற்கென்று சட்டமே வந்து, அவர் சிறைக்குப் போனார். இன்று நிலைமை வேறு. பெரும்பாலோர் பெயரைத் தேடுபொறியில் போடுகிறார்கள். பிழையாகப் போட்டால் அதுவே திருத்திக் காட்டுகிறது. மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பையோ QR குறியையோ தொடுகிறார்கள். முகவரியை முழுதாகத் தட்டுகிறவர்கள் குறைவு.

தட்டி, தவறிப்போகிறவர்களும் எளிதில் போய்விடுவதில்லை. சிக்காகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. தவறான பெயரில் யாரும் இல்லாவிட்டால் பயனருக்கு ‘இப்படியொரு தளம் இல்லை’ என்ற பிழைச் செய்தி வரும்; அவர் திருத்திக்கொண்டு சரியான இடத்துக்கு வருவார். அந்தப் பெயரில் ஒருவர் உட்கார்ந்து விளம்பரம் காட்டினாலும் பெரும்பாலோர் சுதாரித்துத் திரும்பிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையே அசல் தளம் இழப்பது, வழி தவறியவர்களில் ஏறத்தாழ 5 சதவீதம்தான்.

இதை நம் கடைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு தவறான ஸ்பெல்லிங்கில் மாதம் 40 பேர் வருகிறார்கள் என்று கொள்வோம், ஆண்டுக்கு 480. அதில் 5 சதவீதம் 24 பேர். தளத்துக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் வாங்குவார்கள் என்றால், கைநழுவுவது இரண்டு வருடத்துக்கு ஒரு வியாபாரம். அந்த ஒரு வியாபாரத்தில் 2,000 ரூபாய் லாபம் நின்றால்தான் டொமைனுக்குக் கட்டிய காசு தேறும். பலகாரத்தில் அது நிற்காது. நகைக்கடை, கல்லூரிச் சேர்க்கை, மருத்துவமனை என்றால் தாராளமாக நிற்கும். வியாபாரத்தின் தன்மையைப் பொறுத்த முடிவு இது.

மாதம் 40 பேர் என்பது ஊகம். நிஜ எண்ணை அறிய வழி இருக்கிறது. சந்தேகமான இரண்டு பெயர்களை ஒரு வருடத்துக்கு வாங்கி, அசல் தளத்துக்குத் திருப்பிவிட்டு, எத்தனை பேர் வருகிறார்கள் என்று சர்வர் பதிவேட்டில் பாருங்கள். தானியங்கி நிரல்கள் நாள் முழுக்க எல்லாத் தளங்களையும் தட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கழித்துவிட்டு மனிதர்களை மட்டும் எண்ண வேண்டும். திருப்பிவிடும்போது, வாங்கிய பெயருக்கும் https சான்றிதழ் போட மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் வருகிறவருக்கு ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கைதான் தெரியும். பிழைச் செய்தியைவிட அது மோசம்.

மின்னஞ்சலில்தான் ஆபத்து

தளத்துக்கு வழி தவறியவர் திரும்பி வந்துவிடுவார். வழி தவறிய மின்னஞ்சல் வராது. சரியான பெயர் இல்லாத இடத்துக்கு அனுப்பினால் கடிதம் திரும்பி வரும், அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தவறான பெயரை யாராவது வாங்கி, எந்த முகவரிக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி வைத்திருந்தால், கடிதம் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அனுப்பியவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது.

2011-இல் கோடாய் குரூப் என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு இதைச் செய்துகாட்டியது. பெரிய கம்பெனிகளின் முகவரிகளில் நடுவே வரும் ஒரு புள்ளி விடுபட்டால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட 30 பெயர்களை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஆறே மாதத்தில் 1,20,000 மின்னஞ்சல்கள் வந்து விழுந்தன, 20 ஜிகாபைட். ஒப்பந்தங்கள், ஊழியர் விவரங்கள், கணினி வலையமைப்பின் கடவுச்சொற்கள் வரை அதில் இருந்தன. யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் உடைக்கவில்லை. பெயரை வாங்கிவிட்டு உட்கார்ந்திருந்ததோடு சரி.

எனவே ஒரு தவறான பெயரை வாங்கலாமா என்று யோசிக்கும்போது, ‘இந்தப் பெயருக்கு யாராவது எங்கள் பில்லை, ஆதார் நகலை, மருத்துவ அறிக்கையை அனுப்பிவிடுவார்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆடிட்டர், வக்கீல், மருத்துவமனை, ஏற்றுமதி நிறுவனம் ஆகியோருக்கு ஆயிரம் ரூபாய் இங்கேதான் பொருள்படும்.

வாங்கினால் மட்டும் போதாது. பலரும் செய்யாமல் விடுவது அடுத்த வேலை. அந்தப் பெயரின் டி.என்.எஸ். பதிவில் இந்த மூன்று வரிகளைப் போட வேண்டும்:

```
@        MX    0 .
@        TXT   "v=spf1 -all"
_dmarc   TXT   "v=DMARC1; p=reject"
```

முதல் வரி, இந்தப் பெயர் கடிதம் வாங்காது என்று சொல்கிறது. தவறாக அனுப்பியவருக்கு உடனே கடிதம் திரும்பும். அவர் திருத்தி அனுப்புவார். மற்ற இரண்டும், இந்தப் பெயரிலிருந்து யாரும் கடிதம் அனுப்ப அனுமதி இல்லை, வந்தால் நிராகரியுங்கள் என்று உலகத்து மின்னஞ்சல் சர்வர்களுக்கு அறிவிக்கின்றன. இவற்றைப் போடாவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெயரையே அனுப்புநர் முகவரியாகப் போட்டு ஒருவன் மோசடிக் கடிதம் அனுப்ப இடம் இருக்கிறது.

திருடனின் கற்பனைக்கு விலை கட்ட முடியாது

இதுவரை பார்த்தது உங்கள் வாடிக்கையாளரும் ஊழியரும் அறியாமல் செய்யும் பிழைகள். திட்டமிட்டு ஏமாற்றுகிறவன் வேறு ரகம். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனமான ஆந்தம் முன்பு வெல்பாயின்ட் என்ற பெயரில் இருந்தது. 2014-இல் யாரோ we11point.com என்று பதிவு செய்தார்கள். இரண்டு l இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு 1. அடுத்த ஆண்டு, ஏறத்தாழ 7.9 கோடிப் பேரின் விவரங்கள் ஆந்தத்திடமிருந்து திருடுபோனது தெரிந்தபோது பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்தப் பெயரைச் சுட்டிக்காட்டினார்கள். வாடிக்கையாளர் யாரும் விரல் தவறி எண் 1-ஐத் தட்டப்போவதில்லை. பார்த்தால் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்பதற்காகவே அமைத்த பெயர் அது.

எழுத்தை மாற்றும் சிரமம்கூட மோசடிக்காரர்களுக்கு இப்போது வேண்டியதில்லை. பிராண்டின் பெயரைப் பிழையில்லாமல் எழுதி, பின்னால் offer, support, kyc என்று ஒட்டுகிறார்கள். vazhaithoppu-offers.com என்று வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? இப்படி ஒட்டுச்சொல் சேர்த்த போலிகள், எழுத்துப்பிழைப் போலிகளைவிட நூறு மடங்கு அதிகம் என்று 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒட்டுவதற்குச் சொற்கள் அகராதி முழுக்கக் கிடக்கின்றன. எதை வாங்கினாலும் அடுத்தது காத்திருக்கும்.

அதே 2017-இல், தகவல் திருட்டுக்கு ஆளான ஈக்விஃபேக்ஸ் நிறுவனம், பாதிக்கப்பட்டவர்களுக்காக equifaxsecurity2017.com என்று தனித் தளம் திறந்தது. ஒரு நிரலாளர் சொற்களை முன்பின்னாக மாற்றி securityequifax2017.com என்று ஒரு போலித் தளம் போட்டுக் காட்டினார். நிறுவனத்தின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களுக்கு அந்தப் போலி முகவரியைப் பலமுறை அனுப்பிவைத்தது. புதிதாகப் பெயர் வாங்காமல் தன் சொந்தத் தளத்திலேயே ஒரு பக்கம் திறந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. தீபாவளிச் சலுகைக்கு ஒரு டொமைன், குலுக்கல் போட்டிக்கு ஒரு டொமைன் என்று வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. நீங்களே பல பெயர்களில் பேசினால், எது உங்களுடையது என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்?

இந்த வகைப் போலிகளை வாங்கித் தடுக்க முடியாது; கண்காணிக்கத்தான் முடியும். dnstwist என்ற இலவச நிரல், உங்கள் பெயரின் பிழை வடிவங்களை உருவாக்கி, அவற்றில் எவை ஏற்கெனவே பதிவாகியுள்ளன, எவை மின்னஞ்சல் வாங்கும் நிலையில் உள்ளன என்று காட்டும்:

```
dnstwist --registered vazhaithoppu.com
```

ஒட்டுச்சொல் பெயர்களுக்கு crt.sh என்ற தளம் உதவும். https சான்றிதழ் வாங்கும் எந்தத் தளமும் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். உங்கள் பெயரைப் போட்டுத் தேடினால், அந்தப் பெயர் அடங்கிய சான்றிதழ்கள் வரும். மாதம் ஒருமுறை பார்த்தாலே போதும். மின்னஞ்சல் வாங்கத் தயாராக நிற்கும் போலிப் பெயர்தான் முதல் அபாய அறிகுறி.

பிடிபட்டால் மீட்கும் செலவு

போலி கண்ணில் பட்டால் என்ன செய்வது? சிஃபியைப் போல மூன்று நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. .com போன்ற பெயர்களுக்கு 1999-இலிருந்தே யு.டி.ஆர்.பி. என்ற சமரச முறை இருக்கிறது. நிரூபிக்க வேண்டியவை மூன்று: அந்தப் பெயர் உங்கள் வணிகச் சின்னத்தைக் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, அதை வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரு நடுவரோடு விசாரிக்கக் கட்டணம் 1,500 டாலர். ஒரே ஆளிடம் உள்ள ஐந்து பெயர்கள் வரை அந்தக் கட்டணத்தில் அடங்கும். வென்றால் பெயர் கைக்கு வரும், இழப்பீடு கிடையாது. .in பெயர்களுக்கு இதே போன்ற முறையை நிக்ஸி என்ற நம் நாட்டு அமைப்பு நடத்துகிறது.

1,500 டாலர் என்பது ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். வக்கீல் கட்டணம் தனி. அதாவது ஒரு புகாரின் செலவில் ஒரு பெயரை நூறு வருடத்துக்குமேல் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஒரு குறிப்பிட்ட பிழை வடிவத்தை ஒரு வருடத்துக்குள் யாராவது பிடித்துத் தொல்லை தர நூற்றில் ஒரு வாய்ப்பாவது உண்டு என்று தோன்றினால் வாங்கிவிடுவது மலிவு. இல்லையென்றால் விட்டுவிட்டு, வரும்போது பார்த்துக்கொள்வது மலிவு. 647 பெயரையும் வாங்குகிறவர், வருடத்துக்கு ஐந்து புகார் செலவை வராத சண்டைக்குக் கட்டுகிறார்.

ஆனால் புகார் செய்ய முதலில் உங்களுக்கு வணிகச் சின்ன உரிமை இருக்க வேண்டும். பதிவு பெற்ற சின்னம் இருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். இந்தியாவில் தனிநபரும் சிறு நிறுவனமும் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பத்து வருடத்துக்குச் செல்லும். ஐந்தாவது ஆறாவது டொமைனுக்குப் பணம் எடுக்கும் முன் இந்த 4,500-ஐக் கட்டிவிட வேண்டும்.

வாங்குகிறவர்கள் யோசிக்காத செலவு இன்னொன்று உண்டு: எளிதில் விட முடியாது. ஒரு பெயரைச் சில ஆண்டுகள் வைத்திருந்து, அதற்கு ஆட்கள் வந்து பழகிய பிறகு புதுப்பிக்காமல் விட்டால், மீட்புக் கால அவகாசம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஹெய்ன்ஸ் நிறுவனம் ஜெர்மனியில் 2014-இல் முடிந்த ஒரு போட்டிக்காக வைத்திருந்த டொமைனைக் கைவிட்டது. கெச்சப் பாட்டில்கள் மட்டும் கடைகளில் இருந்தன. 2015-இல் ஒருவர் பாட்டிலில் இருந்த QR குறியை ஸ்கேன் செய்தபோது திறந்தது ஆபாசத் தளம். நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது.

எத்தனை போதும்?

வாழைத்தோப்புக் கடைக்குக் கணக்கை முடிப்போம். அசல் பெயரில் .com, .in இரண்டும். மக்கள் நிஜமாக எழுதும் மூன்று ஸ்பெல்லிங் .com-இல். மொத்தம் ஐந்து பெயர், வருடம் ஏறத்தாழ 5,000 ரூபாய், எல்லாவற்றிலும் தானியங்கிப் புதுப்பிப்பு. அதோடு ஒரு வணிகச் சின்னப் பதிவு, மாதம் ஒரு கண்காணிப்பு. இதற்குமேல் போடும் ஒவ்வொரு ரூபாயும் டொமைன் விற்பவருக்குத்தான் லாபம்.

பெரிய இடங்களும் இப்போது இதே முடிவுக்கு வந்துவிட்டன. போலி வங்கித் தளங்களை ஒவ்வொன்றாகத் துரத்தி மாளாது என்று கண்ட ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் .bank.in என்ற முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த முகவரியை வங்கி அல்லாத யாரும் வாங்க முடியாது. உங்கள் வங்கியின் பெயர் எப்படி எழுதியிருந்தாலும் சரி, கடவுச்சொல்லைத் தட்டும் முன் முகவரி .bank.in என்று முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.